மூன்று கிலோமீட்டர் தண்ணீரும் ஒரு விரற்கடையும்

பள்ளி மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். உருளை வடிவத் தொட்டி, விட்டம் 1 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். குழாயின் உள்விட்டம் 2 சென்டிமீட்டர். தண்ணீர் வரும் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். கணக்குப் போட்டால் 33 நிமிடம் 20 விநாடியில் தொட்டி நிறைய வேண்டும். நிஜத்தில் 40 நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் மேலே ஒரு விரற்கடை காலியாக இருந்ததாம். “கணக்கு தப்பா, தொட்டி தப்பா?” என்று கேட்கிறார்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தொட்டியின் கன அளவைக் குழாய் விநாடிக்குத் தரும் கன அளவால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுமார் 942 லிட்டரை விநாடிக்கு 0.471 லிட்டரால் வகுத்தால் 2000 விநாடி. விடை சரி. ஆனால் இந்த வழியில் π-யை இரண்டு முறை பெருக்கிவிட்டு, பிறகு வகுக்கும்போது தானே அடிபட்டுப் போவதைப் பார்க்கிறோம். எனக்குப் பிடித்த வழி வேறு.

குழாயிலிருந்து ஒரு விநாடியில் வெளிவரும் தண்ணீரை அப்படியே உறைய வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அது 2 சென்டிமீட்டர் தடிமனும் 1.5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தண்ணீர்க் கயிறு. அடுத்த விநாடி இன்னொரு 1.5 மீட்டர் சேரும். தொட்டி நிறைவது என்றால் இந்தக் கயிறு முழுவதையும் உள்ளே சுருட்டி அடைப்பதுதான். மொத்தக் கயிற்றின் நீளம் எவ்வளவு? தொட்டியின் விட்டம் குழாயின் விட்டத்தைப் போல 50 மடங்கு. எனவே பரப்பு 2500 மடங்கு. தொட்டிக்குள் 1.2 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரைக் குழாயின் தடிமனுக்கு இழுத்து நீட்டினால் 1.2 × 2500, அதாவது 3000 மீட்டர். மூன்று கிலோமீட்டர் நீளக் கயிறு விநாடிக்கு 1.5 மீட்டர் வீதம் உள்ளே போகிறது. 2000 விநாடி. π எங்கேயும் தலைகாட்டவில்லை. குழாய்க்குள் விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் தண்ணீர், தொட்டியில் அதில் 2500-இல் ஒரு பங்கு வேகத்தில், விநாடிக்கு 0.6 மில்லிமீட்டராக ஏறுகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் தவறு எங்கே? முதலில் வேகத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். குழாய்க்குள் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சுவரை ஒட்டிய தண்ணீர் நகர்வதே இல்லை. நடுவில்தான் வேகம் அதிகம். இந்தக் குழாயில் நடுவேகம் சராசரியைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருக்கும். மிக மெதுவாக, சுழல் எதுவும் இல்லாமல் ஓடும் குழாயிலோ நடுவேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. கணக்குக்கு வேண்டியது சராசரி வேகம் மட்டுமே. ஓட்டத்தில் இந்த இரண்டு வகைகள் இருப்பதை 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் மெல்லிய சாயக் கோடு ஒன்றை விட்டுக் காட்டினார். மெதுவாக ஓடியபோது கோடு நூல்போல நேராகச் சென்றது. வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. தண்ணீரில் சாயம் விட்டுப் பார்ப்பதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் குழாய் அமைப்பு எதை வடிவமைத்தாலும், முதலில் கணக்கிடும் எண் ரெனால்ட்ஸ் பெயரைத் தாங்கியது. இப்படிப்பட்ட எளிய சோதனைகளுக்கு நிதி ஒதுக்கத் தயங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாணவியோ இந்தப் பிழையைச் செய்யவில்லை. குழாயைத் தொட்டியில் இணைக்கும் முன்பே 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்திருக்கிறார். 21 விநாடி. வாளி அளப்பது மொத்தத் தண்ணீரை. அதைப் பரப்பால் வகுத்தால் வருவது சராசரி வேகமே. சாயம், மிதவை எதையும்விட இது நல்ல வழி. உள்விட்டத்தையும் அளந்துதான் போட்டிருந்தார். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் வெளிவிட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் கேட்டேன், குழாய் தொட்டியில் எங்கே சேர்கிறது என்று. அடியில் சேர்கிறதாம். தண்ணீர் வருவது உயரே உள்ள வேறொரு பெரிய தொட்டியிலிருந்து. அதன் நீர்மட்டம் இந்தத் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. விடை இங்கேதான் இருந்தது.

மேலிருந்து விழும் குழாய்க்குத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது தெரியவே தெரியாது. அடியில் சேரும் குழாயின் வாயிலோ ஏறிய தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்கிறது. தண்ணீரைத் தள்ளுவது இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம். தொடக்கத்தில் அது 2 மீட்டர். தொட்டி நிறையும்போது 0.8 மீட்டர். துளையிலிருந்து பாயும் நீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 17-ஆம் நூற்றாண்டில் டோரிசெல்லி கண்டறிந்தார். உராய்வு உள்ள குழாயிலும், சுழித்து ஓடும் வேகத்தில், அந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். எனவே கடைசி வேகம் 1.5-ஐ 0.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது: விநாடிக்கு 0.95 மீட்டர்.

வேகம் மாறிக்கொண்டே இருந்தால் தொகை நுண்கணிதம் வேண்டாமா? வேண்டியதில்லை. இந்த இடம் எனக்கு அலுப்பதே இல்லை. நேராக மேலே எறிந்த கல்லை நினைத்துப் பாருங்கள். அதன் வேகமும், உச்சியை அடைய மீதமுள்ள உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததுதான். கல்லின் வேகம் ஒவ்வொரு விநாடியும் ஒரே அளவு குறைகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தொட்டியில் ஏறும் நீர்மட்டமும் அதே விதியில், மிக மிக மெதுவாக எறியப்பட்ட கல்லைப் போல ஏறுகிறது. அதன் உச்சி 2 மீட்டர். தொட்டி எத்தனை உயரமாக இருந்தாலும் தண்ணீர் அதைத் தாண்டாது. வேகம் சீராகக் குறைவதால், முதல் வேகத்தையும் கடைசி வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தாலே சரியான சராசரி: விநாடிக்குச் சுமார் 1.225 மீட்டர். நம் மூன்று கிலோமீட்டர்க் கயிறு உள்ளே போக 2450 விநாடி ஆகும். 40 நிமிடம் 50 விநாடி.

காரணம் இதுதான் என்று எப்படி உறுதி செய்வது? குழாயில் அடைப்பு இருந்தாலும் நேரம் கூடும். ஆனால் அடைப்புள்ள குழாய் மேலிருந்து கொட்டினால், நீர்மட்டம் மெதுவாக ஏறினாலும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரே அளவுதான் ஏறும். அடியில் சேரும் குழாயில் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஏற்றம் குறைந்துகொண்டே வர வேண்டும், அதுவும் ஒரே அளவாக. இந்தத் தொட்டிக்குக் கணக்கிட்டால் 34.4, 31.1, 27.9, 24.7 சென்டிமீட்டர்; ஒவ்வொன்றிலும் 3.2 குறைகிறது. நான்கையும் கூட்டினால் 118 சென்டிமீட்டர்.

மாணவியை மறுபடி காலித் தொட்டியிலிருந்து தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்சுவரில் கோடு போடச் சொன்னேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கோடுகளுக்கு இடையே 34, 31, 28, கடைசியில் 25-க்குச் சற்றுக் குறைவு. 40-ஆவது நிமிடத்தில் போட்ட கோட்டுக்கு மேலே தொட்டியில் மீதியிருந்தது 2 சென்டிமீட்டர். முதலில் எழுதியபோது அவர் சொன்ன விரற்கடை அதுதான்.