கணவர் வீட்டுக் கொடுமை: புகாரில் என்ன எழுத வேண்டும், அதன் பிறகு என்ன நடக்கும்?

பலரும் 498ஏ என்றே சொல்லிப் பழகிய சட்டப்பிரிவு, 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 85, 86 என்ற எண்களில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்ததற்குப் பழைய 498ஏ-தான் பொருந்தும். தண்டனை மாறவில்லை: மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம்.

வரதட்சணை கேட்டால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று நினைத்து ஒதுங்கிவிடும் பெண்கள் நிறைய. அப்படி இல்லை. 86-வது பிரிவு கொடுமையை இரண்டு வகையாகச் சொல்கிறது. ஒன்று, பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது அவள் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான தீங்கு செய்யக்கூடிய நடத்தை. இதில் பணம் என்ற பேச்சே வேண்டாம். மற்றொன்று, பணமோ நகையோ சொத்தோ கேட்டு அவளையோ அவள் வீட்டாரையோ நெருக்குவது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திண்டுக்கல் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் மணமாகிறது. பெண் வீட்டார் போட்ட 30 பவுன் நகை மாமியாரின் பீரோவில். கடை வைக்க ஐந்து லட்சம் வாங்கி வா என்று கணவர் அடிக்கிறார். ஒருநாள் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கோயம்புத்தூருக்குப் போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். கணவர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டோ தாங்க முடியாமலோ வெளியேறிய பெண், தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே திண்டுக்கல் அனைத்து மகளிர் காவல் நிலையமே போதும். அவளுக்குப் பதிலாக அப்பாவோ அண்ணனோ கூடப் புகார் தரலாம்.

வழக்கு நிற்பதும் விழுவதும் புகாரின் வாசகத்தில்தான் இருக்கிறது. “கணவர், மாமனார், மாமியார், நாத்தனார் அனைவரும் சேர்ந்து வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தனர்” என்று எழுதினால் நால்வர் மீதும் வழக்கு பலவீனமாகும். யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் குடும்பம் மொத்தத்தையும் சேர்க்கும் வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்கின்றன. தாரா லட்சுமி நாராயணா வழக்கில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செய்தது அதைத்தான். நம் எடுத்துக்காட்டில் இப்படி எழுத வேண்டும்: பொங்கலுக்கு மறுநாள் இரவு கணவர் ஐந்து லட்சம் கேட்டுக் கன்னத்தில் அறைந்தார்; மறுநாள் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன், சீட்டு இருக்கிறது; நகையைக் கேட்டபோது மாமியார் தர மறுத்தார். சென்னையில் தனியாக வாழும் நாத்தனார் எதுவும் செய்யவில்லை என்றால் கோபத்தில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. அது உண்மையாகக் கொடுமை செய்தவருக்கே உதவும்.

புகார் கொடுத்ததும் பெரும்பாலும் கையில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதாகக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. குடும்பப் பிரச்சினை என்பதால் முதலில் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மாதக்கணக்கில் இழுத்தடிக்க அல்ல. வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

வழக்குப் பதிந்தும் கணவரைக் கைது செய்யவில்லையே என்று கலங்குபவர்கள் அர்னேஷ்குமார் தீர்ப்பை (2014) அறிந்திருக்க வேண்டும். ஏழாண்டு வரையிலான தண்டனைக் குற்றங்களில் கைது தானாக நடக்காது. வழக்கமாக, விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ்தான் முதலில் போகும். கைது இல்லை என்பதால் வழக்கு செத்துவிட்டதாக அர்த்தமில்லை.

நகைக்குத் தனி வழி உண்டு. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சொத்து. கொடுக்க மறுத்தால் நம்பிக்கை மோசடிக்கான 316-வது பிரிவையும் புகாரில் கேட்க வேண்டும். பில், கல்யாண ஆல்பம், நகைப் பட்டியல் எல்லாம் ஆதாரம். வரதட்சணை கொடுத்ததும் குற்றம்தானே, நம்மையும் பிடிப்பார்களோ என்ற பயம் இங்கே வரும். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7(3) பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே அந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

சமரசம் பேசினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 85-வது பிரிவு வழக்கை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்க முடியாது. சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய முடியும். அதற்கு மனைவியின் சம்மதத்தைக் கேட்பார்கள். நகையும் பேசிய தொகையும் கைக்கு வந்த பிறகே அந்தச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.