மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை

சேலத்து மே மாத வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. பதினைந்து வயது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கையில் அவளே கீறிக்கொண்ட காயங்களைப் பார்த்துவிட்ட அம்மா, "இனிமே பண்ண மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று அழுதார். பண்ணினாள். மூன்றாவது வாரம் மறுபடியும் நடந்தது. இந்த முறை மறைத்துக்கொண்டாள்.

ஆலோசனைக்கு என்னிடம் வந்தபோது நான் அவளிடம் "ஏன் செஞ்சே?" என்று கேட்கவில்லை. அதற்கு அவளிடமே பதில் இருக்காது. "அதுக்கு முந்தின ஒரு மணி நேரம் என்ன நடந்துச்சு?" என்றுதான் கேட்டேன். மார்க்கை வைத்து அப்பா கத்தியிருக்கிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். பாட்டி பக்கத்தில் தூங்குவதால் வாய்விட்டு அழ முடியவில்லை, நெஞ்சு அடைத்தது. "கீறினதும் கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாயிடுச்சு" என்றாள்.

பெரும்பாலும் விஷயம் இதுதான். தாங்க முடியாத கொந்தளிப்பு சட்டென்று இறங்குகிறது. சிலருக்கு மரத்துப்போன மனதில் எதையாவது உணர வேண்டும். சிலருக்குத் தன்னையே தண்டித்துக்கொள்ள வேண்டும். 'சீன் போடுறா' என்பார்கள். காட்டுவதற்குச் செய்பவள் ஏன் சட்டைக்குள் மறைக்கிறாள்?

ஆனால் அந்த நிம்மதி சில நிமிடம்தான். பின்னாலேயே குற்ற உணர்ச்சி வரும், அடுத்த நாள் பாரத்தோடு அதுவும் சேரும். சத்தியம் வாங்கினால், அவளுக்குத் தெரிந்த ஒரே வழியை அடைக்கிறோம், வேறு வழி எதுவும் காட்டாமல். சத்தியம் உடைந்ததும் குற்ற உணர்ச்சி இரட்டிப்பாகிறது.

இரண்டாம் முறை நடந்தது தெரியவந்தபோது அம்மா வேறு மாதிரி நடந்துகொண்டார். முதலில் காயத்தைக் கழுவிக் கட்டினார். (ஆழமாக இருந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.) "திட்ட மாட்டேன் சாமி, பக்கத்துல இருக்கேன்" என்றார். கொஞ்சம் அடங்கியபின் நேராகவே கேட்டார்: "செத்துப்போகணும்னு தோணுச்சா?" கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. அவள் "இல்லம்மா" என்றாள்.

'இல்லை' என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது. சாகும் எண்ணமில்லாமல் திரும்பத் திரும்பக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பிற்பாடு தற்கொலை ஆபத்து கூடுதல். அதனால் மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கச் சொன்னேன்; அந்தக் கேள்வியை இடையிடையே கேட்கவும் சொன்னேன். 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

சத்தியத்துக்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்தோம். நெஞ்சு அடைக்கும்போது அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி மட்டும் அனுப்புவாள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொண்டு இருவரும் மொட்டை மாடிக்குப் போவார்கள். கால் மணி நேரம் ஒரு கேள்வியும் கிடையாது. அப்பாவைத் தனியே வரச்சொல்லிப் பேசினேன். மார்க் பேச்சு ராத்திரியில் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார், அரைமனதோடுதான்.

அடுத்த நான்கு மாதத்தில் இரண்டு முறை நடந்தது. இரண்டையும் அவளே வந்து சொன்னாள். போன வாரம் அம்மா சொன்னார்: "நேத்து புள்ளி வந்துச்சுங்க. மாடியில உக்காந்திருந்தோம். ஒண்ணும் பேசல. கொசுதான் புடுங்குச்சு."