டிஸ்மிஸ் ஆர்டர் கையில் வந்தால்: கடை, நிறுவன ஊழியருக்கு 30 நாள்

தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடை. ஆறு வருஷமாக அங்கே கேஷியராக இருப்பவர் பாலக்கோட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பில்லை ரத்து செய்துவிட்டு 18,400 ரூபாயை எடுத்துக்கொண்டார் என்று கடை அவருக்குச் சார்ஜ் மெமோ கொடுத்தது. விசாரணை நடந்தது. ஏப்ரல் 10 தேதியிட்ட டிஸ்மிஸ் ஆர்டர் பதிவுத் தபாலில் வந்து, ஏப்ரல் 17 அன்று அவர் கைக்குக் கிடைத்தது. இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக்கூடாது என்கிறது அதன் 41-வது பிரிவு. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தரலாம். ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் அதற்காகவே விசாரணை வைத்து, திருப்தியான சாட்சியத்தை அதில் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால்தான் கடிதத்தில் வரும் 'விசாரணை' என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம். ஓசூர் சிப்காட் தொழிற்சாலை ஆட்களுக்கு வழி வேறு. அவர்கள் சமரச அலுவலரிடம் தொழில் தகராறாக எழுப்ப வேண்டும்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது முடிவுரைப் பகுதி. "விசாரணையில் உங்கள் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது பலவீனமான ஆர்டர். எந்தக் குற்றச்சாட்டு, அதற்கு எந்தச் சாட்சி, எந்த ஆவணம், ஊழியர் சொன்ன பதில் என்ன, அதை ஏன் ஏற்கவில்லை என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். நம் கேஷியர், "பில்லை ரத்து செய்யச் சொன்னது மேற்பார்வையாளர்தான், அந்த நேரத்தில் கல்லாவில் இன்னொருவரும் இருந்தார்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆர்டரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இன்னொருவரை விசாரணையில் கூப்பிடவும் இல்லை. என்னைக் கேட்டால், மேல்முறையீட்டில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். சார்ஜ் மெமோவில் இல்லாத பழைய தவறு ஏதாவது ஆர்டரில் புதிதாக நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதில் சொல்ல வாய்ப்பே தராத விஷயத்தை வைத்துத் தண்டிப்பது நியாயமில்லை.

அடுத்தது, நீக்கம் எந்தத் தேதியிலிருந்து? இவரை மார்ச் 3 முதல் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். ஆர்டரில் "மார்ச் 3 முதல் பணிநீக்கம்" என்று போட்டுவிட்டார்கள். இந்தத் தவறு நிறைய நடக்கிறது. நீக்க உத்தரவு ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் சஸ்பென்ஷனில் கழிந்த நாட்களுக்குத் தர வேண்டிய பிழைப்பூதியத்தை முன்தேதி போட்டு இல்லாமல் செய்ய முடியாது. சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி தர வேண்டும் என்று 1981-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

இப்போது மேல்முறையீடு. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருப்பது நல்லது. இல்லாவிட்டாலும் உரிமை போய்விடாது, அது சட்டம் தந்தது. காலக்கெடு 30 நாள். கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து அல்ல, ஆர்டர் சார்பு செய்யப்பட்ட, அதாவது உங்களிடம் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து. நம் கேஷியருக்கு ஏப்ரல் 10-லிருந்து எண்ணினால் மே 10-ல் முடிந்துவிடும். சரியாக எண்ணினால் மே 17 வரை இருக்கிறது. தபால்காரரிடம் கடிதத்தை வாங்க மறுத்தால் நாள் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. நேரில் தர முடியாமல் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால், வழக்கமாக அது வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளையே சார்பு நாளாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கவரைப் பத்திரமாக வையுங்கள். அதன் மேலிருக்கும் தபால் முத்திரைதான் உங்கள் சாட்சி.

முதலாளியிடம் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று மனு கொடுக்கலாம். ஆனால் அவர் பதில் சொல்லும் வரை 30 நாள் காத்திருக்காது. பலர் தடுமாறுவது இங்கேதான். "பேசிக்கலாம்ப்பா" என்ற ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் பார்த்தால் கெடு முடிந்திருக்கும்.

மேல்முறையீட்டு மனுவை விசாரிப்பவர் தொழிலாளர் துணை ஆணையர். எந்த ஊர் அலுவலகத்தில் தாக்கல் செய்வது என்பதை உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் இரண்டு காரணங்களை ஏற்கிறது: நீக்கியதற்கு நியாயமான காரணம் இல்லை என்பது ஒன்று, முதலாளி சொன்ன ஒழுங்கீனத்தை நான் செய்யவில்லை என்பது இன்னொன்று. துணை ஆணையரின் முடிவு முதலாளியைக் கட்டுப்படுத்தும். மனுவோடு ஆர்டர், சார்ஜ் மெமோ, நீங்கள் கொடுத்த பதில், விசாரணை அறிக்கை, அந்தக் கவர் எல்லாவற்றின் நகலையும் வையுங்கள். விசாரணை அறிக்கை உங்களிடம் தரப்படவே இல்லை என்றால், அதையும் மனுவில் எழுதுங்கள்.