மேல்காதில் துளையிட்ட இடம் வீங்கினால்

காதின் மேல் விளிம்பில் துளையிட்ட இடம் வீங்கியிருக்கிறது என்று யாராவது வந்தால், முதலில் காதின் அடியில் தொங்கும் மென்மையான சதையைத்தான் பார்ப்பேன். அங்கே குருத்தெலும்பு கிடையாது. மேல்பாதி சிவந்து, தடித்து, லேசாகத் தொட்டாலே தலையை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு வலித்து, கீழ்ச்சதை மட்டும் வழக்கம்போல இருந்தால், கிருமி குருத்தெலும்பை மூடியிருக்கும் உறை வரை போய்விட்டது என்றே பெரும்பாலும் பொருள்.

குருத்தெலும்புக்கென்று ரத்தக்குழாய் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய உறையிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் கீழ்ச்சதையில் போட்ட துளை 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிட, மேல்காதில் போட்டது ஆறப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகிறது. கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்களும் மருந்தும் அதே சுற்றுவழியில்தான் வந்து சேர வேண்டும். உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். சில நாட்களிலேயே குருத்தெலும்பு செத்துப்போகும்; அது திரும்ப வளராது, காது சுருங்கிவிடும்.

கல்லூரி மாணவி ஒருவர் துளையிட்ட இரண்டாவது வாரத்தில் வந்தார். முதல் சில நாள் இருந்த லேசான சிவப்பு அடங்கிவிட்டதாம். அப்புறம் திடீரென வலி, சூடு, வீக்கம். வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் மாத்திரையை நான்கு நாள் போட்டுப் பார்த்திருக்கிறார். வீக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. அழுத்தினால் உள்ளே நீர்கட்டியதுபோல மெத்தென்று இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கீறிச் சீழை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினோம். சூடோமோனாஸ் வளர்ந்தது.

மேல்காதுத் துளையில் அடிக்கடி பிடிபடும் கிருமி இதுதான். ஈரத்தில் செழிப்பது. அமாக்ஸிசிலினுக்கு அசையவே அசையாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்து தேவைப்படும். சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதை யோசித்துத்தான் கொடுப்போம். ஆகவே கடையில் கேட்டு வாங்குகிற மருந்தல்ல.

துப்பாக்கி போன்ற கருவியில் அடித்துத் துளையிடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். மழுங்கலான கம்பி குருத்தெலும்பை நசுக்கிக்கொண்டு போகிறது. உள்ளே குழல்போல் துளையுள்ள கூரான ஊசியால் பயிற்சி பெற்றவர் குத்துவது நல்லது, ஆனாலும் தொற்றே வராது என்று சொல்ல முடியாது.

துளையைச் சுற்றி மட்டும் இருக்கிற சிவப்பு, வெளிர்நிறப் பொருக்கு, நாளுக்கு நாள் குறைகிற வலி எல்லாம் சரி, பயமில்லை. அடங்கிய வலி திரும்ப வந்தாலோ, சிவப்பு துளையைத் தாண்டிப் பரவினாலோ, காது மடிப்புகள் வீக்கத்தில் மறைந்தாலோ, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம். வீட்டில் பிதுக்க வேண்டாம். நகையைக் கழற்றுவதா, விடுவதா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

அந்த மாணவிக்குச் சீழ் எடுத்த பிறகு, உறை மறுபடி ஒட்டிக்கொள்ள இருபுறமும் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினோம். காது பிழைத்தது. விளிம்பில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் நிலைத்துவிட்டது.