பிளே ஸ்டோரில் இருந்தால் அசலா?

"பிளே ஸ்டோர்லதான் சார் இருந்துச்சு." குடியாத்தத்திலிருந்து வந்த கைலி வியாபாரி ஒருவர் போன வாரம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேலூரில் வங்கி கார்டு பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த வாக்கியம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

கிரெடிட் கார்டு லிமிட்டை ஏற்றித் தருவதாகச் சொன்ன ஆப் அது. வங்கியின் பெயர், அதே லோகோ. கார்டு நம்பர், காலாவதித் தேதி, சிவிவி, அப்புறம் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு வரை கேட்டு வாங்கிக்கொண்டு, "நன்றி, எங்கள் அதிகாரி தொடர்புகொள்வார்" என்று முடித்துவிட்டது. மனிதர் ரெண்டு நாள் போனுக்காகக் காத்திருந்தார். வந்ததென்னவோ பணம் போன எஸ்எம்எஸ்தான். புது வித்தையும் இல்லை, 2018-லேயே இந்திய வங்கிகளின் பெயரில் இதே மாதிரி ஆப்கள் பிளே ஸ்டோரில் பிடிபட்டன.

கூகுள் சோதிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது முக்கியமாகத் தேடுவது போனைக் கெடுக்கும் நிரலை. நாலு கட்டம் போட்டு நீங்கள் தட்டச்சு செய்வதை வாங்கி எங்கேயோ அனுப்புகிற ஆப், கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்யும் ஆப் மாதிரியேதான் அதற்குத் தெரியும். பிடிபட்டால் நீக்குவார்கள், அதற்குள் உங்கள் விவரம் போயிருக்கும். ஐந்து நட்சத்திரத்தையும் நம்பாதீர்கள், அது காசுக்குக் கிடைக்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? ஆப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அவர்களுடைய மற்ற ஆப்களும் வரும். ஸ்டேட் வங்கியின் யோனோ என்றால் அங்கே State Bank of India என்று இருக்கும், பதிவிறக்கமும் பத்துக் கோடிக்கு மேல். பெரிய வங்கியின் ஆப்பை வெறும் ஆயிரம் பேர் இறக்கியிருக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பெயரையும் கொஞ்சம் மாற்றிப் போலி செய்யலாம். செய்ய முடியாதது ஆப்பின் அடையாளக் குறியீடு. பிளே ஸ்டோர் முகவரியில் id= என்பதற்குப் பின்னால் வருவது அது. ஒரே குறியீட்டில் அங்கே ரெண்டு ஆப் இருக்க முடியாது. யோனோவுக்கு அது இப்படி:

```
com.sbi.lotusintouch
```

யோனோ என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? போலிக்காரன் yono என்று பளிச்சென்று போட்டு வைப்பான், பார்த்தால் அதுதான் அசல் மாதிரி இருக்கும். அதனால் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள், தயவுசெய்து பிளே ஸ்டோரில் தேடவே தேடாதீர்கள். அங்கே மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். வங்கியின் இணையதளத்துக்குப் போய் அங்கிருக்கும் இணைப்பைத் தொடுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி வங்கி முகவரிகள் .bank.in என்று முடிய வேண்டும். வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த முகவரி தரமாட்டார்கள். ஸ்டேட் வங்கிக்கு sbi.bank.in.

விவரம் கொடுத்துவிட்டீர்களா? ஆப்பை அழித்து ஒன்றும் ஆகாது, போனது போனதுதான். முதலில் கார்டை முடக்கி, பாஸ்வேர்டை மாற்றி, வங்கிக்குச் சொல்லுங்கள், கையோடு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். 2017 ரிசர்வ் வங்கி விதிப்படி, நீங்களே விவரத்தைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் தலையில், புகாருக்குப் பிறகு போவது வங்கியின் தலையில். வீட்டில் திட்டுவார்களே என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள்.