டென்வர் கேஸ் ஸ்டடி: மீன்முள் நிரம்பியபிறகும் பாக்கி இருக்கும் வேலை

மேலாண்மை படிக்கிறவர்களுக்கு அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் தானியங்கிப் பெட்டி அமைப்பு தோற்ற கேஸ் ஸ்டடி எப்படியும் ஒருமுறை வந்துவிடும். ப்ராஜெக்ட் மேலாண்மையில் வேலை செய்துகொண்டே இந்த அசைன்மென்ட்களைத் திருத்தியும் தருகிறேன், பெரும்பாலான விடைகள் ஒரே மாதிரிதான் வருகின்றன. தோல்வியின் காரணங்களை முள்முள்ளாகப் பிரித்துக் காட்டும் மீன்முள் வரைபடம், அதில் ஆள், இயந்திரம், முறை, நிர்வாகம் என்று முட்கள், முள்ளுக்கு மூன்று காரணம். மொத்தம் பன்னிரண்டு காரணம் இருக்கும். எது முக்கியம் என்று மட்டும் இருக்காது.

கதை சுருக்கமாக: 1993 அக்டோபர் 31-இல் திறக்க வேண்டிய நிலையம். பயணிகளின் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான சிறு வண்டிகள் கணினிக் கட்டுப்பாட்டில் கொண்டுபோகும் என்று திட்டம். 1994-இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் நசுங்கி, துணிமணி சிதறியது. கடைசியில் நிலையம் திறந்தது 1995 பிப்ரவரி 28-இல், அதாவது 16 மாதத் தாமதம், தாமதத்தின் செலவு நாளுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல்.

மீன்முள் தகவல் சேர்க்கத்தான், அதை வரைந்து முடித்ததும் எடுத்து ஓரமாக வையுங்கள். அடுத்து 'ஐந்து ஏன்', அதாவது கிடைக்கும் ஒவ்வொரு விடைக்கும் மறுபடி ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது. பெட்டி ஏன் போகவில்லை? காலி வண்டி தேவைப்படும் இடத்துக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை, வந்தவை ஒன்றோடொன்று முட்டின. இதை ஏன் முன்பே சரிசெய்யவில்லை? சோதிக்க அவகாசம் இல்லை. ஏன் இல்லை? பெட்டி அமைப்பைக் கட்டித்தர நகர நிர்வாகம் பி.ஏ.ஈ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதே 1992-இல், அதற்குள் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, தண்டவாளத்தைக் கிடைத்த இடத்தில் வளைத்து நெளித்துப் பொருத்த வேண்டியதாயிற்று. ஏன் அவ்வளவு தாமதமாக? முதலில் அந்தந்த விமான நிறுவனமே தன் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் விட்டிருந்தார்கள், யுனைடெட் விமான நிறுவனம் மட்டும் தன் பகுதிக்குத் தனியாக ஏற்பாடு செய்ய ஆரம்பித்திருந்தது, அப்புறம்தான் நிலையம் முழுவதற்கும் ஒரே அமைப்பு என்று முடிவு மாறியது. சரி, நேரம் போதாது என்று தெரியாதா? தெரியும். டெண்டரில் விலை கொடுத்த மூன்று நிறுவனங்களில் ஒன்றுகூட அந்தத் தேதிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லவில்லை. 1992-இல் திறந்த மியூனிக் நிலையத்தில் இதைவிட எளிய அமைப்புக்கே இரண்டு ஆண்டு சோதனை தேவைப்பட்டது.

அந்தக் கடைசி 'ஏன்'தான் விடையின் உயிர். 1994-இல் பெட்டி நசுங்கியதை வைத்து 1992-இல் கையெழுத்துப் போட்டவர்களைக் குறை சொல்வது யாராலும் முடியும். கையெழுத்துப் போட்ட அன்று மேசையில் என்ன தகவல் இருந்தது என்று பிரித்துக் காட்டுபவருக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

அடுத்து, ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அது இல்லாதிருந்தால் தோல்வி நின்றிருக்குமா? திட்டத்துக்குத் தூணாக இருந்த தலைமைப் பொறியாளர் 1992 அக்டோபரில் இறந்துபோனார், இதை மூலக்காரணம் என்று எழுதுபவர்கள் நிறைய. ஆனால் அவர் இறப்பதற்கு முன்பே ஒப்பந்தமும் தேதியும் முடிவாகிவிட்டன. அவர் இருந்திருந்தால் வேலை சுமுகமாகப் போயிருக்கலாம், சோதனைக்கான அவகாசம் வந்திருக்காது. விமான நிறுவனங்கள் இனி மாற்றம் இல்லை என்ற தேதிக்குப் பிறகும் மாற்றம் கேட்டதும், கேட்டதை ஏற்றதும் அப்படித்தான். இரண்டையும் 'நிலைமையை மோசமாக்கியவை' என்று தனியாக எழுதுங்கள்.

இதே சோதனையில் பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று வெளிவரும். இங்கே தோல்வி இரண்டு: அமைப்பு வேலை செய்யாதது ஒன்று, நிலையம் திறக்காதது இன்னொன்று. கன்வேயரும் இழுவை வண்டியும் கொண்ட சாதாரண மாற்று ஏற்பாடு 1992 திட்டத்திலேயே இருந்திருந்தால், அமைப்பு சொதப்பியிருந்தாலும் நிலையம் இவ்வளவு காலம் பூட்டிக் கிடந்திருக்காது. அந்த ஏற்பாட்டை 1994-இல்தான், சுமார் ஐந்து கோடி டாலர் செலவில் ஆரம்பித்தார்கள். நிலையம் திறந்ததும் பெரும்பகுதி அதை நம்பித்தான். தானியங்கி அமைப்பை யுனைடெட் மட்டும் வைத்துக்கொண்டது, அதுவும் 2005-இல் கைவிட்டது.

ஆகவே பரிந்துரைப் பகுதியில் 'நன்றாகத் திட்டமிட வேண்டும்' என்று எழுதாதீர்கள், அதைப் படிக்கும்போது பேனா தானாகவே மேலே நகர்ந்துவிடுகிறது. அமைப்பின் தோல்விக்கு ஒன்று: டெண்டரில் ஒருவரும் தேதிக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் தேதியையோ அளவையோ மாற்றாமல் ஒப்பந்தம் போடக் கூடாது. திறப்புத் தாமதத்துக்கு ஒன்று: திறப்பு நாள் ஒரே அமைப்பை நம்பியிருந்தால் மாற்று வழிக்கும் முதல் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்க வேண்டும். இந்த முடிவுகளை யார், எந்த மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்தால் போதும், இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டியதில்லை.