மின் விலாங்கு 860 வோல்ட்டை எப்படி எடுக்கிறது?

பிரேசிலில் பிடிபட்ட ஒரு மின் விலாங்கு 860 வோல்ட் வரை வெளிவிட்டது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட்தான். பெயரில்தான் விலாங்கு, உண்மையில் இது கெளுத்திக்கும் கெண்டைக்கும் உறவு. உடம்பின் பெரும்பகுதியை மின் உறுப்புகளே அடைத்துக்கொள்கின்றன.

அந்த உறுப்புகள் தசையிலிருந்து உருவானவை. நம் தசை செல்லும் நரம்பு உத்தரவு கொடுத்ததும் சின்ன மின் துடிப்பை உண்டாக்கி, பிறகு சுருங்குகிறது. விலாங்கின் மின் செல் சுருங்கும் வேலையை விட்டுவிட்டது, துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டது.

இந்தச் செல் தட்டையான வில்லை போன்றது. அதற்கு இரண்டு முகங்கள்: வால் பக்க முகத்துக்கு நரம்பு வருகிறது, தலைப் பக்க முகத்துக்கு வருவதில்லை. சும்மா இருக்கும்போது செல்லின் உள்பக்கம் வெளியைவிட சுமார் 85 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். இரண்டு முகங்களிலும் அதே அளவு என்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மொத்தம் பூஜ்யம். நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டதும் வால் பக்க முகத்தில் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த முகத்தில் மட்டும் நிலைமை தலைகீழாகி, உள்பக்கம் 65 மில்லிவோல்ட் கூடுதலாகிறது. மறுமுகம் அசையவே இல்லை. இப்போது இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன: 85 + 65, அதாவது 150 மில்லிவோல்ட்.

டார்ச்சில் பேட்டரிகளை வரிசையாகப் போடுவது மாதிரி, தலை முதல் வால் வரை சுமார் 6,000 செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 6,000 × 0.15 = 900 வோல்ட். சரி, அளந்தது 860தானே, கிட்டத்தட்ட ஒத்துவருகிறது.

ஆனால் எல்லாச் செல்களும் ஒன்றாக அடித்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஒரு துடிப்பு நீடிப்பதோ 2 மில்லிநொடி. நொடிக்கு 120 மீட்டர் ஓடும் மிக வேகமான நரம்பு என்றே வைத்துக்கொண்டாலும், 2 மீட்டர் உடம்பைக் கடக்க 16 மில்லிநொடிக்கு மேல் ஆகும். உத்தரவு வாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைப் பக்கச் செல்கள் அடித்து முடித்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. மூளையிலிருந்து கிளம்பும் உத்தரவு, கிட்டே இருக்கும் செல்களுக்கு வேண்டுமென்றே தாமதமாகப் போகும்படி நரம்புகள் அமைந்திருக்கின்றன. எனக்கு 860 வோல்ட்டைவிட இதுதான் பெரிய வித்தை.

அப்புறம், கடலில் வாழும் மின் திருக்கைக்கு இந்த நீளமான அடுக்கு தேவைப்படவில்லை. நன்னீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதனால் விலாங்குக்கு அதிக வோல்ட் வேண்டும். உப்புநீர் நன்றாகவே கடத்தும். அங்கே வேண்டியது அதிக ஆம்பியர். எனவே திருக்கையில் அடுக்குகள் குட்டையாகவும், பக்கத்தில் பக்கத்தில் நூற்றுக்கணக்கிலும் இருக்கின்றன. அவை நெட்டுக்குத்தாக நிற்பதால், மின்சாரம் அதன் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே பாய்கிறது.